தகவல் பலகையைப் பின்னோக்கித் திருப்புதல்

2024 மே 29 பிற்பகலில், டெல்லியின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் முங்கேஷ்பூரில், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தானியங்கி நிலையம் முதலில் 52.3 டிகிரி என்றது. சற்று நேரத்தில் 52.9 என்றது. இந்தியாவில் அதுவரை பதிவான உச்சம் ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று பதிவான 51 டிகிரிதான். புதிய எண் சில நிமிடங்களில் உலகச் செய்தியாகிவிட்டது. அன்று மாலையே துறை விளக்கம் தந்தது: டெல்லியின் மற்ற நிலையங்களில் 45.2 முதல் 49.1 டிகிரி வரைதான் பதிவாகியிருக்கிறது, முங்கேஷ்பூர் மட்டும் தனித்து நிற்கிறது, உணர்கருவியின் பிழையாகவோ அந்த இடத்துக்கே உரிய காரணமாகவோ இருக்கலாம். பிறகு தரமான கருவி ஒன்றை அருகில் வைத்து ஒப்பிட்டார்கள். தானியங்கிக் கருவி சுமார் 3 டிகிரி கூட்டிக் காட்டியது தெரியவந்தது.

இதைப் படித்தவர்களுக்கு இயல்பாக ஒரு கேள்வி எழும். கைபேசியில் தவறாகத் தட்டிய எழுத்தை ஒரே விசையில் திரும்பப் பெற முடிகிறது. பொதுமக்கள் பார்க்கும் பலகையில் ஏறிய தவறான எண்ணை அப்படித் திரும்பப் பெற முடியாதா? ஒரு மணி நேரத்துக்கு முன் சரியாக இருந்த நிலைக்கு அந்தப் பலகையைத் திருப்பிவிட்டால் போதாதா?

திருப்ப முடியும். அதற்கான ஏற்பாடு பிழை நேர்வதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

## பலகைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு

வானிலை, காற்றின் தரம், அணையின் நீர்மட்டம், தடுப்பூசிக் கணக்கு என எதைக் காட்டினாலும், இணையத்தில் எண்களையும் வரைபடங்களையும் ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டுவதற்கு டேஷ்போர்டு என்று பெயர். இங்கே அது தகவல் பலகை. அதற்குள் இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. ஒன்று அமைப்பு: எந்த வரைபடம் எங்கே வரும், எந்தக் கணக்கைப் போட்டு எந்த எண்ணை எழுதும் என்ற விதிகள். மற்றொன்று தரவு: அந்த விதிகளுக்குள் வந்து விழும் எண்கள். அமைப்பை மனிதர்கள் எப்போதாவது மாற்றுகிறார்கள். தரவை ஒரு நிரல் மணிக்கொரு முறையோ நாளுக்கொரு முறையோ தானாகவே மாற்றுகிறது. அதுவே தானியங்கிப் புதுப்பிப்பு.

பின்திருப்பலில், அதாவது முந்தைய நல்ல பதிப்புக்குப் போவதில், பலரும் சறுக்கும் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. கிராஃபானா என்ற பரவலான பலகை மென்பொருளில், சேமித்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு பதிப்பாகப் பட்டியலில் நிற்கும். வேண்டியதைத் தேர்ந்து மீட்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பது அமைப்பு மட்டுமே. தரவு வேறொரு தரவுத்தளத்தில் இருக்கிறது. தவறான எண் தரவுத்தளத்தில் உட்கார்ந்திருக்கும்போது நேற்றைய அமைப்பை மீட்டெடுத்தால், நேற்றைய வரைபடத்தில் இன்றைய தவறே மறுபடி தெரியும்.

தரவுக்கும் முந்தைய பதிப்பு வேண்டுமென்றால், புதுப்பிக்கும் நிரல் பழையதை அழித்து அதன்மேல் எழுதக் கூடாது. பல அலுவலகங்களில் அழித்து எழுதுவதே வழக்கம். இடம் மிச்சம், நிரலும் எளிது. ஆனால் தினசரி நாட்காட்டியில் கிழித்தெறிந்த தாளைப் போல, போனது போனதுதான். மாற்று வழி, ஒவ்வொரு புதுப்பிப்பின் விளைவையும் நேரப் பெயரிட்டுத் தனி அட்டவணையாக வைப்பது. பலகை எந்த அட்டவணையைப் படிக்க வேண்டும் என்பதை ஒரே ஒரு இடத்தில் எழுதி வைப்பது. அந்த ஓரிடக் குறிப்பைச் சுட்டி என்று சொல்லலாம். 8 மணி அட்டவணை தயாரானதும் சுட்டி 7 மணியிலிருந்து 8 மணிக்கு நகரும். 7 மணி அட்டவணை தொடப்படாமல் அப்படியே இருக்கும். பின்திருப்பல் என்பது அந்தச் சுட்டியை மறுபடி 7 மணிக்கு நகர்த்துவது. எண் எதையும் யாரும் கையால் திருத்துவதில்லை.

## வெற்றி என்று அறிவிக்கும் தோல்வி

புதுப்பிப்பு இரண்டு விதமாகக் கெடும். முதல் விதத்தில் நிரல் நடுவழியில் நின்றுவிடும்: இணைப்பு அறுந்தது, கடவுச்சொல் காலாவதியானது, கோப்பு வரவில்லை. இது அவ்வளவு ஆபத்தானதல்ல. பவர் பிஐ போன்ற மென்பொருள்களில் தரவை இறக்கிவைத்துக் காட்டும் பலகைகளுக்கு, புதுப்பிப்பு தோற்றால் பழைய தரவே தொடர்ந்து காட்டப்படும்; பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் போகும். பின்திருப்பல் தானாகவே நடந்துவிட்டது என்றே சொல்லலாம்.

இரண்டாம் விதம்தான் இந்த அத்தியாயத்தின் பொருள். கோப்பு வந்தது, கணக்கு முடிந்தது, பச்சைக் குறி விழுந்தது. உள்ளே இருக்கும் எண் தவறு. நிரலுக்கு எண்ணின் பொருள் தெரியாது. வேலையை முடித்தோமா என்பதை மட்டுமே அது அறிவிக்கிறது. முங்கேஷ்பூர் நிலையமும் அப்படித்தான். அளந்ததை ஒழுங்காக அனுப்பியது, அனுப்பியது ஒழுங்காகப் பலகையில் ஏறியது.

## ஒரு நவம்பர் காலை

டெல்லியின் காற்றுத் தரத்தைக் காட்டும் ஒரு பலகையைக் கற்பனை செய்துகொண்டு, இந்த இரண்டாம் விதத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம். பலகை கற்பனை, அதன் கணக்கு விதிகள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத் தரக் குறியீட்டைப் பின்பற்றுகின்றன. குறியீடு 201 முதல் 300 வரை என்றால் மோசம், 301 முதல் 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை. நுண்துகள்களுக்கு 24 மணி நேரச் சராசரியை எடுக்க வேண்டும். அந்த 24-இல் குறைந்தது 16 மணி நேரத் தரவு இருந்தால்தான் ஒரு நிலையத்துக்குக் குறியீடு கணக்கிடலாம்.

பலகையில் 40 நிலையங்கள். மணிக்கு 10 நிமிடம் கடந்ததும் புதுப்பிப்பு ஓடும். காலை 7.10-க்கு நகரச் சராசரி 384. 8.10-க்கு அது 266. மிக மோசம் என்பது மோசம் என்று மாறி, பலகையின் நிறமும் மாறுகிறது. கண்ணை உறுத்தும் எண் அல்ல 266. டெல்லியில் பல நாள்கள் அந்த எண் வந்திருக்கிறது. காற்று கொஞ்சம் வீசியிருக்கும்போல என்று நினைத்து, பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பத் தயாராகும் பெற்றோர் இருப்பார்கள்.

நடந்தது இது. முந்தைய இரவு 11 மணிக்கு 12 நிலையங்களின் தொலைத்தொடர்பு இணைப்பு அறுந்தது. காலை 7 மணிக் கணக்கில் அவற்றுக்கு 8 மணி நேரத் தரவு இல்லை, 16 மணி நேரத் தரவு இருந்தது; விதிப்படி சரியாகப் போதும். 8 மணிக் கணக்கில் எஞ்சியது 15. ஆகவே 12 நிலையங்களும் ஒரே நொடியில் குறியீடு இல்லாத நிலையங்களாகிவிட்டன. அவற்றின் கட்டங்கள் வெறுமையாக வந்தன. சராசரி போடும் நிரல் வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யம் என்று படித்தது. மீதி 28 நிலையங்களின் உண்மைச் சராசரி 380. அவற்றோடு 12 பூஜ்யங்களைச் சேர்த்து 40-ஆல் வகுத்தால் 266 வருகிறது.

இப்படிப்பட்ட தவறை எண்ணைப் பார்த்தே பிடிக்க முடியும். 24 மணி நேரச் சராசரி என்பது மெதுவாக நகரும் பொருள். ஒரு மணி நேரம் கடக்கும்போது பழைய ஒரு மணி நேரம் வெளியே போகிறது, புதிய ஒன்று உள்ளே வருகிறது, நடுவில் உள்ள 23 அப்படியே இருக்கின்றன. வெளியே போன மணி நேரத்தில் பிஎம் 2.5 நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராம் இருந்து, உள்ளே வந்த மணி நேரத்தில் துளிகூட இல்லாமல் போனாலும், சராசரி 25 மைக்ரோகிராம்தான் இறங்கும். குறியீடு 384 என்பது சுமார் 229 மைக்ரோகிராமுக்கும், 266 என்பது சுமார் 110 மைக்ரோகிராமுக்கும் சமம். ஒரு மணி நேரத்தில் சுமார் 119 இறங்க வழியே இல்லை. டெல்லி முழுவதும் அடைமழை பெய்திருந்தாலும் நடக்காது.

இந்தச் சோதனையை நிரலுக்குள் வைப்பது கடினமல்ல. முந்தைய பதிப்பிலிருந்து நகரச் சராசரி எவ்வளவு மாறியது, எத்தனை நிலையங்கள் மதிப்புத் தந்தன, மிகக் குறைந்த மதிப்பு என்ன என்று மூன்றைக் கேட்டால் போதும். நவம்பர் டெல்லியில் குறியீடு பூஜ்யம் என்று ஒரு நிலையம் சொன்னால், மூன்றாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும். சோதனையில் தேறாத அட்டவணைக்குச் சுட்டி நகரக் கூடாது. நகராவிட்டால் திருப்ப வேண்டிய தேவையே எழாது. பின்திருப்பல் இந்தச் சோதனைகளைத் தாண்டித் தப்பி வரும் பிழைகளுக்கானது. சோதனைகளுக்கு மாற்று அல்ல.

## திருப்பும் வேலை, வரிசைப்படி

8.25-க்கு ஒருவர் பிழையைக் கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுட்டியை உடனே நகர்த்தத்தான் கை போகும். அதற்கு முன் செய்ய வேண்டியது, தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துவது. நிறுத்தாமல் திருப்பினால் 9.10-க்கு அதே நிரல் ஓடி, அதே பிழையைப் புதிய பதிப்பாக ஏற்றிவிடும். திருப்பியவர் தேநீர் குடிக்கப் போயிருப்பார். பலகை மறுபடி கெட்டிருக்கும். இத்தொழிலில் மிக அதிகமாகக் காணப்படும் தவறு இதுதான்.

அடுத்து, கெட்ட அட்டவணையைத் தொடாமல் ஒதுக்கி வைக்க வேண்டும். அவசரத்தில் அதை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த 12 பூஜ்யங்கள்தான் காரணத்தைச் சொல்லும் சாட்சி.

பிறகுதான் சுட்டி. தனித்தனி அட்டவணைகள் வைத்திருக்கும் இடத்தில் இது ஒரு வரி மாற்றம். தரவுத்தளமே பழைய பதிப்புகளைப் பாதுகாக்கும் வகையாக இருந்தால் அதற்கென்று கட்டளை உண்டு. டெல்டா லேக் என்ற சேமிப்பு முறையில் அது இப்படி இருக்கும்:

```sql
RESTORE TABLE delhi_air TO VERSION AS OF 1840;
```

1840 என்பது 7.10-க்கு உருவான பதிப்பின் வரிசை எண். இதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. பழைய கோப்புகள் இடத்தை அடைப்பதால் அவ்வப்போது துப்புரவுக் கட்டளை ஓட்டப்படும். மாற்றி அமைக்காவிட்டால் அது 7 நாளைத் தாண்டிய, இனித் தேவைப்படாத கோப்புகளை அழித்துவிடும். பிழையை எட்டாம் நாள் கண்டுபிடிப்பவருக்குத் திரும்பிப் போக இடமிருக்காது. எவ்வளவு தாமதமாகப் பிழைகள் பிடிபடுகின்றன என்பதைப் பார்த்தே இந்தக் கால அளவை வைக்க வேண்டும்.

சுட்டி நகர்ந்த பின்னும் பார்வையாளரின் திரையில் 266 என்றே இருக்கலாம். பல்லாயிரம் பேர் பார்க்கும் பக்கத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட முடியாது என்பதால், வழியில் உள்ள சேவையகங்கள் அதன் நகலைச் சில நிமிடங்கள் வைத்திருக்கும். கேஷ் எனப்படும் அந்தத் தற்காலிக நகலை வெளிப்படையாக நீக்க வேண்டும். அலுவலகக் கணினியில் பார்த்து உறுதி செய்வது போதாது. அது பெரும்பாலும் உள்வலைப் பாதையில் போகும். வெளியே உள்ள ஒரு கைபேசியில், சாதாரண இணைப்பில், 384 என்று கண்ணால் பார்த்தால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

அந்த எண்ணோடு ஒரு வரியும் தெரிய வேண்டும்: காலை 7 மணி நிலவரம், 8 மணிப் புதுப்பிப்பு சரிபார்ப்பில் உள்ளது. இந்த வரி இல்லாமல் பழைய எண்ணைக் காட்டினால், 8 மணி நிலவரமே 384 என்று மக்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒரு தவறான தகவலை நீக்கி அதன் இடத்தில் இன்னொன்றை வைத்ததாகிவிடும்.

## எது நல்ல பதிப்பு?

முந்தைய பதிப்பும் நல்ல பதிப்பும் ஒன்றுதான் என்று கருதுவது பொதுவான பழக்கம். நமது காலைப் பொழுதையே மறுபடி பார்க்கலாம். வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யமாகப் படிக்கும் கோளாறு 8.10-க்குப் பிறந்ததல்ல, நிரல் எழுதிய நாளிலிருந்தே அங்கே இருந்தது. ஒரே ஒரு நிலையம் வெறுமையாக இருந்த நாள்களில், சராசரி சுமார் 10 புள்ளி குறைந்து காட்டியிருக்கும். 384-க்குப் பதில் 374 என்று தெரிந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. 12 நிலையங்கள் ஒன்றாக விழுந்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

ஆகவே, 7.10 பதிப்பை நல்லது என்று சொல்வதற்கு அது முந்தையது என்பது காரணமாகாது. அந்த மணியில் 40 நிலையங்களுக்கும் மதிப்பு இருந்தது, பூஜ்யம் ஒன்றுகூட இல்லை என்று எண்ணிப் பார்த்த பிறகே அதை நல்லது என்று சொல்லலாம். இல்லையென்றால் 6.10, 5.10 என்று பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு பதிப்பும் உருவாகும்போதே, சோதனையில் தேறியதா என்ற குறிப்பை அதன்மேல் எழுதிவிடுவது நல்லது. காலை அவசரத்தில் ஐந்தாறு அட்டவணைகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் கிடைக்காது.

மெல்ல விலகும் கருவிகளில் இது இன்னும் கடினம். முங்கேஷ்பூரில் 52.9-க்கு முந்தைய நாள், மே 28 அன்று, 49.9 டிகிரி பதிவானது. அதே நாளில் நரேலாவிலும் 49.9. பக்கத்து நிலையத்தோடு பொருந்துகிறது. எனவே அந்த எண் எந்த ஐயத்தையும் எழுப்பாது. ஆனால் ஒரு கருவி 3 டிகிரி கூட்டிக் காட்டுகிறது என்று இன்று தெரிந்தால், அது எந்த நாளிலிருந்து அப்படிக் காட்டியது என்ற கேள்வி உடனே எழுகிறது. அதற்கு விடை பதிப்புப் பட்டியலில் கிடைக்காது. தரமான கருவியோடு ஒப்பிட்ட பழைய பதிவுகளைத்தான் தேட வேண்டும்.

## திருப்பக் கூடாத இடங்கள்

கோளாறு ஒரு கருவியில் மட்டும் இருந்தால் முழுப் பலகையையும் திருப்புவது தவறு. மே மாதப் பிற்பகல் 2.30-க்கு டெல்லி வெப்பநிலைப் பலகை முழுவதையும் காலை 11 மணிப் பதிப்புக்குத் திருப்பியிருந்தால், ஒரு நிலையத்தின் 3 டிகிரிப் பிழையை நீக்குவதற்காக, எல்லா நிலையங்களையும் பல டிகிரி குறைத்துக் காட்டியதாகும். வெயிலில் வேலை செய்பவருக்கு அது ஆபத்து. அங்கே செய்ய வேண்டியது முங்கேஷ்பூர் வரியை மட்டும் நிறுத்தி வைத்து, சரிபார்ப்பில் உள்ளது என்று எழுதுவது. பிழை எல்லா வரிகளுக்கும் பொதுவான கணக்கில் இருந்தால் பலகையைத் திருப்பலாம். ஒரு வரியில் இருந்தால் அந்த வரியை மறைக்கலாம்.

பழைய பதிப்பு எவ்வளவு நேரம் செல்லும் என்பதும் தரவைப் பொறுத்தது. 24 மணி நேரச் சராசரியான காற்றுக் குறியீட்டில் ஒரு மணி நேரப் பழமை பெரிய குறையல்ல. ஆறு மணி நேரம் என்றால் குறைதான். வெப்பநிலையில் ஒரு மணி நேரமே அதிகம். அந்த அளவைத் தாண்டிவிட்டால் தகவல் இல்லை என்று காட்டுவதே நேர்மை.

திடீர்த் தாவல் எல்லாமே பிழை என்றும் கொள்ளக் கூடாது. 2021 ஜூன் 10 அன்று இந்தியாவின் ஒருநாள் கொரோனா இறப்புக் கணக்கு 6,148 என்று வெளியானது. அதுவரை இல்லாத உயரம். தாவலை அளக்கும் எந்தச் சோதனையும் அதைத் தடுத்திருக்கும். ஆனால் அது பிழையல்ல. முந்தைய நாள் பீகார் அரசு, முன்பு கணக்கில் வராத ஏறத்தாழ 4,000 இறப்புகளைச் சேர்த்துத் தன் மொத்தத்தைத் திருத்தியிருந்தது. அவர்கள் இறந்தது வெவ்வேறு நாள்களில். கணக்கில் வந்தது ஒரே நாளில். அந்த எண்ணைப் பின்திருப்பியிருந்தால், நீண்ட தாமதத்துக்குப் பிறகு வெளிச்சத்துக்கு வந்த இறப்புகளை மறுபடி மறைத்ததாகியிருக்கும். அங்கே தேவைப்பட்டது ஒரு குறிப்பு: இதில் பழைய நிலுவை எவ்வளவு, இன்றையது எவ்வளவு. ஆகவே, சோதனை ஒரு பதிப்பைத் தடுத்து நிறுத்தலாம். திருப்புவதா, விளக்கம் சேர்த்து வெளியிடுவதா என்பதைத் தரவின் மூலத்தைக் கேட்டறிந்த மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த மனிதர் யார் என்பது காலை 8.25-க்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். மேலதிகாரி அலுவலகம் வரும்வரை காத்திருக்கும் ஏற்பாட்டில், தவறான எண் பத்து மணிவரை திரையில் நிற்கும்.

## மறுபடி முன்னோக்கி

384-ஐக் காட்டிக்கொண்டிருக்கும் பலகை இன்னும் சரியாகிவிடவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இனி நிரலைத் திருத்த வேண்டும். வெற்றுக் கட்டம் பூஜ்யம் அல்ல, கணக்கில் சேராதது. வகுக்கும் எண்ணும் 40 அல்ல, மதிப்புத் தந்த நிலையங்களின் எண்ணிக்கை. திருத்திய நிரலை ஒதுக்கி வைத்த 8 மணித் தரவின் மேல், மக்களுக்குத் தெரியாத ஓர் ஒத்திகைப் பலகையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். 380 வந்தால், 28 நிலையங்களின் சராசரி என்ற குறிப்போடு அதை வெளியிட்டு, தானியங்கிப் புதுப்பிப்பை மறுபடி தொடங்கலாம். அடுத்த ஓட்டம் முடியும்வரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது அவசியம்.

இணைப்பு அறுந்த 12 நிலையங்கள் அளப்பதை நிறுத்தியிருக்கவில்லை என்றால், தரவு அவற்றின் உள்நினைவகத்தில் சேர்ந்துகொண்டிருக்கும். இணைப்பு வந்ததும் அது மொத்தமாக வந்து சேரும். அப்போது 8, 9, 10 மணிக் கணக்குகளை 40 நிலையங்களோடு மீண்டும் போட்டு, பழைய பதிப்புகளுக்குப் பக்கத்தில் திருத்திய பதிப்புகளாக வைக்க வேண்டும். ஒற்றை நிலையம் வெறுமையாக இருந்த பழைய நாள்களுக்கும் இதே வேலை இருக்கிறது. ஆண்டுச் சராசரியை ஆய்வுக்கு எடுப்பவர்கள் அந்த 10 புள்ளிக் குறைகளைத்தான் உண்மை என்று நம்பிக் கணக்கிட்டிருப்பார்கள்.

கடைசியாக, பலகையை விட்டு வெளியே போன 266. 8.10-க்கும் பின்திருப்பலுக்கும் இடையில் அது கைபேசிச் செயலிகளுக்கும், சாலையோர மின்பலகைகளுக்கும், செய்தி நிறுவனங்களுக்கும், ஆயிரக்கணக்கான திரைப்பிடிப்புகளுக்கும் போயிருக்கும். சுட்டியை நகர்த்துவதால் அவற்றில் ஒன்றும் மாறாது. தானாகத் தரவு எடுக்கும் செயலிகளுக்கு, 8 மணி மதிப்பு திரும்பப் பெறப்பட்டது என்ற குறியைத் தரவோடு சேர்த்தே அனுப்பலாம். அவை அதைப் படித்துத் தம் எண்ணை மாற்றிக்கொள்ளும். மனிதர்களுக்கு, எந்த நேரம், எந்த எண், ஏன் தவறு, சரியான எண் எது என்ற நான்கு விவரங்களோடு ஓர் அறிவிப்பு வேண்டும். அது தனிச் செய்திக்குறிப்பாக எங்கோ இருந்தால் போதாது. தவறான எண் எந்தப் பலகையில் தெரிந்ததோ அதே பலகையில், அந்த எண் இருந்த இடத்துக்கு அருகில், குறைந்தது அடுத்த 24 மணி நேரம் இருக்க வேண்டும்.